‘முக்கிய எண்ணுரு’: வேறு சொல் தேடலாமா?

வளர்மதி:
அனைவருக்கும் வணக்கம். அறிவியல் குறியீட்டுக்குப் பயிற்சித் தாள் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பிள்ளைகளை இடறிவிடுவது கணக்கு அல்ல, ‘முக்கிய எண்ணுரு’ என்ற சொல்தான் என்று சந்தேகம் வந்துவிட்டது.

கேள்வி இது: 99,960-ஐ மூன்று முக்கிய எண்ணுருக்களுக்கு முழுமைப்படுத்தி அறிவியல் குறியீட்டில் எழுதுக. முதலில் 9.996 × 10⁴ என்று எழுதுகிறார்கள். 9.99-க்கு அடுத்து 6 இருப்பதால் ஒன்று ஏறுகிறது. ஏறிய ஒன்று மூன்று ஒன்பதுகளையும் தாண்டிப் போய் 10.00 × 10⁴ ஆகிவிடுகிறது. புள்ளிக்கு இடப்பக்கம் ஓர் இலக்கம்தான் நிற்கலாம் என்பதால் புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி, அடுக்கை 5 ஆக்க வேண்டும். விடை 1.00 × 10⁵.

வந்த விடைகளில் பாதிக்கு மேல் 1 × 10⁵. “சைபர் முக்கியமில்லையே டீச்சர்” என்கிறாள் ஒருத்தி. சொல்லின்படி அவள் சொல்வது சரிதானே?

இளங்கோ:
‘உறுதி இலக்கம்’ என்று வைத்துவிடலாம். அளந்து உறுதியானது என்ற பொருள் வரும், சைபரும் அதில் அடங்கும். சுருக்கமாகவும் இருக்கிறது.

நிரூபன்:
இளங்கோ, அங்கேதான் சிக்கல். கடைசி இலக்கம் உறுதியானதே இல்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலில் 4.37 செ.மீ. என்று படித்தால் 4-ம் 3-ம் கோட்டிலிருந்து வந்தவை, 7 நம் கண் மதிப்பு. அந்த 7-ஐயும் எண்ணித்தான் மூன்று என்கிறோம். அதை ‘உறுதி’ என்றால் பொய் சொன்னதாகும். நாங்கள் இலங்கையில் படித்தபோது ‘பொருளுடைய’ என்ற அடையோடுதான் சொல்வோம். 1.00-இல் உள்ள சைபர்களுக்குப் பொருள் உண்டு, 0.004-இன் முன் சைபர்களுக்கு இல்லை. அவை புள்ளியின் இடத்தைக் காட்ட நிற்பவை மட்டுமே.

இன்னொன்று அக்கா. ‘முழுமைப்படுத்து’ என்றால் பிள்ளை முழு எண்ணாக்கத்தானே பார்க்கும்? நாங்கள் மட்டந்தட்டல் என்போம்.

வளர்மதி:
நிரூபன், அதுவும் நடந்தது! 2.347-ஐ மூன்று இலக்கத்துக்குக் கேட்டால் ஒரு பையன் 2 என்று எழுதி வைத்திருந்தான். தப்பு என்று போட்டேன், இப்போது பாவமாக இருக்கிறது. ஆனால் ‘மட்டந்தட்டு’ என்றால் எங்கள் பக்கம் ஒருவரை இழிவாகப் பேசுவது. வகுப்பே சிரிக்கும்.

முருகேசன்:
இதற்கு ஏன் புதுச்சொல்? விரிதாளில் போட்டால் தானே வந்துவிடும். நான் அலுவலகத்தில் `ROUND(A1,2)` போடுகிறேன், ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை.

நிரூபன்:
முருகேசன் ஐயா, அந்த 2 புள்ளிக்குப் பின் எத்தனை இடம் என்பதைச் சொல்கிறது. பணக்கணக்குக்கு அது போதும். 99960-க்கு அதைப் போட்டால் 99960 அப்படியே நிற்கும். மூன்று பொருளுடைய இலக்கம் வேண்டுமென்றால் இப்படி:

```
=ROUND(A1,2-INT(LOG10(ABS(A1))))
```

இதில் 100000 கிடைக்கும். ஆனால் அந்தச் சைபர்களில் எவை அளந்தவை, எவை இடம் நிரப்பியவை என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டத்தின் வடிவத்தை `0.00E+00` என்று மாற்றினால் `1.00E+05` என்று தெரியும்.

முருகேசன்:
அப்படியா. நான் இத்தனை நாள் ரெண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

வளர்மதி:
சரி, ‘பொருளுறு இலக்கம்’ என்று தாளில் போட்டுப் பார்க்கிறேன். ‘எண்ணுரு’வை விட ‘இலக்கம்’ பிள்ளைகள் வாயில் எளிதாக வருகிறது.

புள்ளி சரிபார்க்கும் கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். 0.0009996-ஐக் கொடுத்தேன். 9.996 × 10⁻⁴ வரை ஒழுங்காக வருகிறார்கள். ஏறியதும் அடுக்கில் ஒன்று கூட்ட வேண்டும் என்று 4-ஐ 5 ஆக்கி, 1.00 × 10⁻⁵ என்று முடிக்கிறார்கள். −4-உடன் ஒன்று கூடினால் −3 அல்லவா? விடையை விரித்து 0.00001 என்று எழுதி மூல எண்ணின் கீழே வைத்தால் நூறு மடங்கு குறைந்திருப்பது கண்ணில் படும். அந்தக் கட்டத்துக்கு ‘புள்ளி மீட்பு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன்.

இளங்கோ:
மீட்பு என்றால் அடகு வைத்த நகை மாதிரி இருக்கிறது. ‘புள்ளி ஒப்பு’ எப்படி?

நிரூபன்:
ஒப்பு நல்லது. ஆனால் ஒரு சந்தேகம் எனக்கே தீரவில்லை. 99,960-ஐ நூறின் இடத்தில் நிறுத்தினால் வருவது 10.00 × 10⁴, அதாவது 1.000 × 10⁵. கேட்டது மூன்று இலக்கம் என்பதற்காக ஒரு சைபரை வெட்டி 1.00 என்கிறோம். தாளின் விடை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய சைபர் இடம் நிரப்ப வந்ததா, பொருளுடையதா? 1.000 என்று எழுதுகிற பிள்ளைக்கு நீங்கள் மதிப்பெண் போடுவீர்களா அக்கா?

வளர்மதி:
இப்போதைக்குப் பாதி போடுவேன். நாளை அந்தக் கேள்வியை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிட்டாலும் எடுத்துவிடுவேன்.