பட்டாவில் இன்னொருத்தர் பேரும் ஏறிவிட்டது: உரிமை விளம்புகை வழக்கு போட்ட அனுபவம்

திருவட்டார்க்காரன்:
அப்பா 1987-ல் கிரயம் வாங்கிய 18 சென்ட் தென்னந்தோப்பு. அன்றிலிருந்து தேங்காய் வெட்டுவதும் தீர்வை கட்டுவதும் நாங்கள்தான். விற்றவருடைய தம்பி மகன், "பெரியப்பாவுக்கு முழுசாக விற்க உரிமை கிடையாது, எங்க பங்கும் அதில் உண்டு" என்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, எங்கள் பட்டாவைக் கூட்டுப் பட்டா ஆக்கிவிட்டார். தோப்பில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போனோம். உரிமைத் தகராறு, சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது.

தாசில்தாரையும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். வக்கீல் மறுத்தார். 1983-ம் வருஷத்துப் பட்டா பாஸ்புக் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, பட்டாவில் உள்ள பதிவைத் திருத்தச் சொல்லி அரசு மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் நம் கைவசம் இருக்கும் உரிமையை மறுக்கிற ஆள் மேல் விளம்புகை வழக்குப் போடலாம், அதாவது இந்த உரிமை நமக்குத்தான் என்று கோர்ட்டே அறிவிக்கும்படி கேட்கலாம். தீர்ப்பு வந்தால் அதன்படி பட்டாவைத் திருத்தியாக வேண்டும். அதனால், "இடம் உங்க கையில இருக்கு, உரிமையை மறுத்தது காகிதத்தில் மட்டும்தான். இதுக்கு வெறும் விளம்புகையே போதும்" என்றார்.

குழித்துறை அண்ணன்:
தம்பி, எதுக்கு இவ்வளவு சுற்று? கையில் இடம் இருந்தால் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டால் போதும். எங்கள் விளையில் பக்கத்து வீட்டுக்காரன் எல்லைச் சுவரான கய்யாலையை இடித்தபோது அப்படித்தான் ஜெயித்தோம்.

நாகர்கோவில் வக்கீல் குமாஸ்தா:
அண்ணே, உங்க வழக்குக்கு அது சரி. கய்யாலையை இடித்தவன் உங்கள் உரிமையை மறுக்கவில்லை, அத்துமீறினான், அவ்வளவுதான். இங்கே எதிராளி பங்கு கேட்கிறார், அவர் பேர் பட்டாவிலும் ஏறியிருக்கிறது. உரிமை மேல் இப்படி ஒரு மேகம் விழுந்த பிறகு வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்டால் நிற்காது. அனதுலா சுதாகர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2008-ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வெறும் விளம்புகைக்கும் ஒரு கடிவாளம் உண்டு. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 34-வது பிரிவின் வரம்புரை அது. கூடுதலாக ஒரு பரிகாரம் கேட்க முடிகிற நிலையில் இருந்தும் கேட்காமல் விட்டால், கோர்ட் விளம்புகை தராது. வழக்குப் போடும் நாளில் இடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஆபீஸில் ஒருவர் உரிமையை நன்றாகவே நிரூபித்தார். ஆனால் வழக்குக்கு முன்னாலேயே எதிராளி அதில் ஷெட் போட்டுக் குடியிருந்தார். சுவாதீனத்தை மீட்டுத் தரும்படி கேட்காததால் வழக்கு தள்ளுபடி.

மார்த்தாண்டம் டீச்சர்:
அப்போ நானும் இதே வழக்குப் போடலாமா சார்? என் பங்கு 4 சென்டில் மைத்துனர் வாழை வைத்திருக்கிறார், விட்டுத் தர மாட்டேன் என்கிறார். பட்டா என் பேரில்தான்.

நாகர்கோவில் வக்கீல் குமாஸ்தா:
டீச்சர், உங்களுக்கு வெறும் விளம்புகை உதவாது. இடம் அவர் கையில் இருக்கிறதே. விளம்புகையோடு சுவாதீனமும் கேட்க வேண்டும். பட்டா உங்கள் பேரில் இருப்பதால் மட்டும் உரிமை நிரூபணம் ஆகாது. பாகப்பிரிவினை ஆதாரத்தைத் தேடி எடுங்கள்.

திருவட்டார்க்காரன்:
கோர்ட் கட்டணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. இப்போதைய கட்டணம் 3 சதவீதம். சுவாதீனமும் கேட்டால் சந்தை மதிப்பு முழுவதுக்கும் கட்ட வேண்டும், விளம்புகையோடு தடையுத்தரவு என்றால் பாதி மதிப்புக்கு. 9 லட்சம் மதிப்புள்ள இடத்துக்கு முதலாவது 27,000 ரூபாய், இரண்டாவது 13,500.

எங்களுக்குத் தலைவலி வந்தது வேறு இடத்தில். கிரயப் பத்திரத்தில் பழைய சர்வே நம்பர், பட்டாவில் ரீசர்வே நம்பர். இரண்டும் ஒரே இடம் என்று காட்ட, பத்திரத்தின் நான்கெல்லையை எடுத்து, கிழக்கே கைத்தோடு, தெற்கே நடைபாதை என்று தரையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். விற்றவருக்கு அந்த இடம் வந்த முன்ஆதாரத்தையும் நகல் எடுத்தோம். எதிராளி சொல்வது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. நம் உரிமை நம் ஆதாரத்தின் பலத்தில் நிற்க வேண்டும் என்பதில் வக்கீல் கண்டிப்பாக இருந்தார்.

தக்கலை ரப்பர்:
வழக்கு நடக்கும்போதே அவர் உள்ளே வந்து தேங்காய் வெட்டினால்? அப்புறம் வெறும் விளம்புகையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? என் வக்கீல் எப்போதுமே தடையுத்தரவையும் சேர்த்துத்தான் போடுவார்.

நாகர்கோவில் வக்கீல் குமாஸ்தா:
பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. இடையில் நிலைமை மாறினால் வழக்குரையைத் திருத்த மனுவும் போடலாம். அதைவிட எனக்குக் கவலை காலவரையறைதான். விளம்புகைக்கு மூன்று வருஷம், வழக்குப் போடும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து. தம்பி, எதிராளி மனு கொடுத்த நாளா, பட்டா மாறிய நாளா, ஆர்.டி.ஓ. உத்தரவு நாளா? எதை வைத்துப் போட்டீர்கள்?

திருவட்டார்க்காரன்:
பட்டா மாறியது எங்களுக்குத் தெரிய வந்த நாள் என்று எழுதியிருக்கிறோம். மனு நோட்டீஸ் அப்பாவுக்கு முன்னாலேயே வந்தது என்று எதிர்வாதம் போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்புகைக் கையெழுத்து அப்பாவுடையதா என்பதுதான் அடுத்த வாய்தாவில்.