பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் ரப்பர் கம்பனி பாண்ட்: கம்பனியைத் தேடுவது எப்படி?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பெரியப்பா மலாயாவில் கிளாக்கராக இருந்தவர். 78 சூறாவளியில் நனைந்த அவரது பெட்டியின் அடியில், துருக்கறையோடு மலாயா ரப்பர் தோட்டக் கம்பனி ஒன்றின் நூறு பவுண் கடன் பாண்ட் கிடைத்தது. கீழே வட்டிக் கூப்பன்கள் வரிசையாக இருக்கின்றன, 1941 கடைசி வரைக்கும் வெட்டிக் கொடுத்து வட்டி வாங்கியிருக்கிறார், 1942இலிருந்து அப்படியே கிடக்கிறது. கம்பனியை எங்கே தேடுவது?

அக்கரைப்பற்று வாசகர்: கொழும்பு கம்பனிப் பதிவாளரின் இணையத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள் ரீச்சர். இல்லையென்றால் கம்பனியே இல்லை.

ரீச்சர்: பார்த்தேன் தம்பி, இல்லை.

கல்லடி வாசகி: அம்மாவின் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகமும் இப்படித்தான் கிடந்தது, அடையாள அட்டையோடு போய் வட்டியோடு எடுத்தோம். நீங்களும் போங்கள்.

பழைய கணக்காளர், மட்டக்களப்பு: இது வங்கிக் கணக்கில்லை, தங்கச்சி. ரீச்சர், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் எந்தச் சட்டப்படி பதிவு என்று இருக்கும், அதைப் படியுங்கள். அந்தக் காலத்து இலங்கைக் கம்பனி என்றால் கட்டளைச் சட்டம் என்று போட்டிருக்கும்.

ரீச்சர்: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். '1908 முதல் 1917 வரையான கம்பனிச் சட்டங்கள்' என்று இருக்கிறது.

பழைய கணக்காளர்: அப்போ இது பிரித்தானியாவில் பதிவானது, 1917க்கும் 1929க்கும் இடையில். தோட்டம்தான் மலாயாவில், பதிவு பிரித்தானியாவில். கொழும்பில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததோடு தோட்ட வருமானம் நின்றிருக்கும், கூப்பன் வெட்டாமல் கிடப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பிரித்தானிய அரசு கெசற்றின் தளமான thegazette.co.uk இல் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு 1946க்குப் பிறகு தேடுங்கள், இலவசம். பிறகு பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தின் discovery.nationalarchives.gov.uk இல் BT 31 என்ற வரிசையையும் பாருங்கள். கலைத்த கம்பனிகளின் கோப்புகள் அதில்தான், ஆனால் எல்லாம் இல்லை, பிற்காலத்தவற்றில் மாதிரிக்குச் சிலவற்றைத்தான் வைத்தார்கள்.

ரீச்சர்: மூன்று நாள் தேடினேன். BT 31 இல் ஒன்றும் இல்லை. கெசற்றில் அகப்பட்டது, 1950களில் அங்கத்தவர்களே விரும்பிக் கலைத்ததாக அறிவித்தல். இது நல்லதா கெட்டதா?

பழைய கணக்காளர்: கடனைக் கட்ட முடியாமல் நடக்கும் கடன் கொடுத்தோர் கலைப்பு என்றால் பணம் பெரும்பாலும் போயிருக்கும். இதில் எல்லாக் கடனையும் முழுக்கக் கட்டலாம் என்று இயக்குநர்கள் சத்தியக் கடதாசி கொடுத்த பிறகுதான் கலைக்க முடியும், பாண்டும் கடன்தான். ஆகவே அதற்குக் காசு ஒதுக்கியிருப்பார்கள். யாரும் கேட்டு வராத பணத்தைக் கலைப்பாளர் அங்குள்ள அரசுக் கணக்கில் போடவேண்டும்.

அக்கரைப்பற்று வாசகர்: அப்போ இன்னும் எடுக்கலாமா?

பழைய கணக்காளர்: இத்தனை வருசத்துக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை குறைவு. கம்பனி மிச்சமாக வைத்துவிட்டுப் போன சொத்து முடியரசுக்குப் போய்விடும். பாண்டில் ஊசித் துளையோ குறுக்கே முத்திரையோ உண்டா? இருந்தால் முதல் பணத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

ரீச்சர்: வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை இல்லை. துருக்கறை மட்டும்தான். கலைப்பாளரின் பெயர் அறிவித்தலில் இருக்கிறது, அவருடைய கணக்காளர் நிறுவனம் இப்போது எந்தப் பெயரில் நடக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.