பேட்டரி ஹெல்த் செட்டிங்ஸ்ல 91, டம்ப்ல 84, கடை டெஸ்டர்ல 72. எதைத்தான் நம்புறது?

அல்சூர்க்காரன்: போன சனிக்கிழமை எஸ்பி ரோடு போனேன், ரெண்டரை வருஷ ஆண்ட்ராய்ட், 15%ல கேமரா ஓப்பன் பண்ணா பொட்டுனு ஆஃப் ஆகுது. கடைக்காரர் பேக் கவரைப் பிரிச்சு கனெக்டரைக் கழட்டி டெஸ்டரை மாட்டுனாரு, ரெண்டு செகண்ட் கூட ஆகல, சிவப்புல 72. "சார், பேட்டரி ஹோகிதெ"ன்னாரு. செட்டிங்ஸ்ல 91ன்னு பாத்துட்டுத்தான் போயிருந்தேன், அதனால மாத்தாம வந்துட்டேன். நைட்டு ஃபுல் சார்ஜ் போட்டு இதை அடிச்சேன்:

```
adb shell dumpsys battery
```

Charge counter 4210000ன்னு வந்துச்சு, அதாவது 4210 mAh. பேட்டரி 5000 mAh, அப்போ 84. அந்த சிவப்பு 72 இன்னும் கண்ணுலயே நிக்குது.

மல்லேஸ்வரம் மணி: `*#*#4636#*#*` போடுங்க ப்ரோ, அதுல Good வந்தா கடைக்காரர் சும்மா சொல்றார்னு அர்த்தம். என் நாலு வருஷ போன்ல இன்னும் Good தான்.

பெஞ்ச் ரவி: மணி, அந்த Good சூடு ஏறல, வோல்டேஜ் மீறல, அவ்ளோதான் சொல்லுது. பாதி செத்த பேட்டரிக்கும் Good வரும்.
அல்சூர் நண்பா, 4210ங்கறது உள்ள இருக்கற கேஜ் சிப் உள்ள போற வெளிய வர கரண்ட்ட எண்ணி வச்ச கணக்கு. எப்பவும் 40லேர்ந்து 80க்குள்ளயே சார்ஜ் போடுறவங்களுக்கு அது மெதுவா விலகிப் போயிடும், ஒருதடவ 100 போட்டு ஒரு மணி நேரம் சும்மா வச்சு, 10 வரை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு திரும்ப 100 போட்டுப் பாருங்க. செட்டிங்ஸ் நம்பர் பெரும்பாலும் அதே சிப் கணக்குதான், ஆனா தினமும் குதிக்கக் கூடாதுன்னு மெதுவா இறக்குவாங்க, அதான் 91.
டெஸ்டர் வேற சமாச்சாரம். கெப்பாசிட்டிய நிஜமா அளக்கணும்னா மணிக்கணக்குல டிஸ்சார்ஜ் பண்ணணும், ரெண்டு செகண்ட்ல முடியாது. அது அளக்கறது உள் ரெசிஸ்டன்ஸ், அதை தன் டேபிள்ல வச்சு பர்சன்டேஜா மாத்துது. சார்ஜ் கம்மியா இருந்தாலோ பேட்டரி குளிர்ந்திருந்தாலோ ரெசிஸ்டன்ஸ் ஏறும். டெஸ்ட் பண்ணப்ப எவ்ளோ சார்ஜ்?

கோரமங்களா அக்கா: எனக்கு வேற கதை. மாத்துன பேட்டரி, மூணு மாசமா ஹெல்த் 100லயே நிக்குது, ஆனா மதியமே சார்ஜர் தேடுறேன். நைட் ஃபுல்லா சார்ஜ்ல போடாதீங்க, காருக்குள்ள வெயில்ல வைக்காதீங்க, தலையணைக்கு அடில வைக்கவே வைக்காதீங்க, என் தம்பிக்கு பேட்டரி உப்பி டிஸ்ப்ளேவே தூக்கிடுச்சு, அவன்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்.

பெஞ்ச் ரவி: அக்கா, சில மாடல்ல பேட்டரி சிப்ல இருக்கற நம்பரை ப்ரோக்ராமர் பாக்ஸ் வச்சு எழுதவும் முடியும். 100 நகரவே இல்லன்னா அந்த சந்தேகம் எனக்கு வரும்.

அல்சூர்க்காரன்: அப்போ 18% தான் இருந்துச்சு. நேத்து 80% வச்சு இன்னொரு கடைல அதே மாதிரி டெஸ்டர்ல போட்டேன், 81.

மல்லேஸ்வரம் மணி: அப்போ முதல் கடைக்காரர் ஏமாத்துனதுதான?

பெஞ்ச் ரவி: இல்லவே இல்ல. கேமரா திறந்தா கரண்ட் ஒரேயடியா இழுக்கும், ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருந்தா வோல்டேஜ் சரிஞ்சு போன் ஆஃப் ஆகும். இவருக்கு நடக்கறதும் அதுதான். 84% கொள்ளளவு இருந்தும் 15%ல விழலாம்.

அல்சூர்க்காரன்: நீங்க சொன்ன மாதிரி இறக்கி ஏத்திப் பாத்தேன், இப்போ 4130. கேமரா இன்னும் 15ல ஆஃப் ஆகுது. மாத்துறதா வேணாமான்னுதான் இன்னும் புரியல.