போனஸ் வந்ததென்று பாயிண்டை மாற்றிவிட்டேன், உங்கள் அனுபவம் என்ன?

நியூஜெர்சிக்காரன்:
டிசம்பரில் அப்பா அம்மாவைப் பார்க்க நானும் மனைவியும் சென்னை போகத் திட்டம். கார்டு பாயிண்டை விமான மைலாக மாற்றினால் 30 சதவீத டிரான்ஸ்ஃபர் போனஸ் என்று மெயில் வந்தது. சீட் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் 80,000 பாயிண்டை அனுப்பினேன், 1,04,000 மைலாக வந்து சேர்ந்தது. அன்று ஒரு டிக்கெட் 52,000 மைல். இரண்டு பேருக்கும் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் பள்ளி விடுமுறை வாரங்களில் ஒரு சீட்கூடத் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே டிக்கெட்டை 65,000 ஆக்கிவிட்டார்கள். இப்போது ஒருவர்தான் போக முடியும். வங்கிக்குத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

டாலஸ் மீனாட்சி:
மாற்றாமல் விட்ட கதை என்னுடையது. போன வருஷம் ஒரே ஊருக்கு ஒரே நாளில் இரண்டு வழி கிடைத்தது. ஒரு விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் 75,000 மைல், வரி 60 டாலர், போனஸ் கிடையாது. இன்னொன்றில் 90,000 மைல், 25 சதவீத போனஸ். அதாவது 72,000 பாயிண்ட் அனுப்பினால் போதும். அங்கே போகலாம் என்றுதான் முதலில் கை போனது. பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தால், எரிபொருள் சர்சார்ஜோடு சேர்த்து 410 டாலர். 3,000 பாயிண்டை மிச்சம் பிடிக்க 350 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். என் சேஸ் வங்கிப் பாயிண்டைப் பணமாக எடுத்தால் 3,000க்கு 30 டாலர்தான் வரும். போனஸ் இல்லாத வழியிலேயே எடுத்தேன். ஏர் கனடாவின் ஏரோபிளான் மாதிரி சர்சார்ஜ் வாங்காத திட்டத்தோடு ஒப்பிடாமல் எந்த போனஸையும் நான் நம்புவதில்லை.

அட்லாண்டா தம்பி:
அக்கா சொல்வது சரிதான், ஆனாலும் 30 சதவீதம் சும்மா விடக்கூடியதா? 60,000 மைல் தேவையென்றால் 42,000 அனுப்பினால் போதுமே. டிரான்ஸ்ஃபரும் உடனே ஆகிவிடும், கடைசி நாளில் செய்தால்கூடப் போதும்.

டாலஸ் மீனாட்சி:
தம்பி, 42,000 அனுப்பினால் 54,600தான் வரும். 60,000ஐ 1.3ஆல் வகுக்க வேண்டும், 46,154 வருகிறது. ஆயிரம் ஆயிரமாகத்தான் அனுப்ப முடியும் என்பதால் 47,000. மிச்சம் 13,000. அது 30 சதவீதம் இல்லை, 22க்குக் கொஞ்சம் குறைவு. அடுத்து, ஏரோபிளானுக்குப் பெரும்பாலும் சில நிமிஷத்தில் போய்விடும். சிங்கப்பூர் கிரிஸ்ஃப்ளையருக்கு ஒரு நாள் வரை ஆகலாம். அமெக்ஸிலிருந்து ஜப்பானின் ஏ.என்.ஏ.க்கு இரண்டு மூன்று நாள். நீங்கள் பார்த்து வைத்த சீட் அதுவரை காத்திருக்காது.

சான் ஹோசே:
எனக்குப் பெயரில்தான் சிக்கல். வங்கியில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. விமானக் கணக்கை ஊரிலிருந்து வந்த புதிதில் இனிஷியலோடு தொடங்கியிருந்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று டிரான்ஸ்ஃபர் நின்றுவிட்டது. போன், மெயில், பாஸ்போர்ட் நகல் என்று ஆறு நாள். மைல் வந்தபோது சீட் போய்விட்டது. இப்போதெல்லாம் ஒரு திட்டத்துக்கு முதல் முறை அனுப்புகிறேன் என்றால் அவசரமில்லாத நேரத்தில் 1,000 பாயிண்ட் மட்டும் அனுப்பிப் பார்த்துவிடுகிறேன். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது கட்டாயம்.

கோவை வாசகி:
பையன் சிகாகோவில் இருக்கிறான். அவன் கார்டு பாயிண்டை என் பெயரில் உள்ள விமானக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாமா? இல்லை, இங்கே என் கார்டு பாயிண்டை அவனுக்கு அனுப்பலாமா?

சான் ஹோசே:
அம்மா, கணக்குக்கு அனுப்பவே வேண்டாம். அவன் கணக்கில் மைல் இருந்தால் உங்கள் பெயரில் டிக்கெட் போடலாம். கிரிஸ்ஃப்ளையர் என்றால் உங்களை முதலில் நாமினியாகச் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரை சேர்க்கலாம். உங்கள் இந்தியக் கார்டு தனிக் கதை. விகிதம் கார்டுக்குக் கார்டு வேறு. சில கார்டில் வருஷத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று வரம்பு உண்டு, கட்டணமும் உண்டு. உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சிக்காரன்:
சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றினால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

டாலஸ் மீனாட்சி:
அதிலும் ஒன்று இருக்கிறது. கூட்டாளி விமானத்தின் சீட் தேடலில் தெரியும், எடுக்கப் போனால் பிழை வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. மைல் இல்லாமலே அந்தத் திட்டத்தின் எண்ணுக்குப் போன் போட்டு, இந்தத் தேதியில் இந்த விமானத்தில் சீட் உங்களுக்கும் தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது என்றால்தான் அனுப்புவேன்.

அட்லாண்டா தம்பி:
சரி, 42,000 கணக்கு என் தப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரே திட்டத்தில்தான் பறக்கிறேன், மைலும் காலாவதியாகாது. எனக்கு போனஸ் வரும்போது முன்கூட்டியே எடுத்து வைப்பதில் என்ன தவறு?

நியூஜெர்சிக்காரன்:
நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. காலாவதியாகாத மைல்தான் என் கணக்கிலும் கிடக்கிறது, விலைதான் ஏறிவிட்டது.

டாலஸ் மீனாட்சி:
ஒரு வருஷத்துக்குள் கட்டாயம் செலவாகும் அளவு மட்டும் என்றால் நானும் மாற்றுவேனோ என்னவோ. பிப்ரவரிப் பயணத்துக்கு அப்படி ஒன்று முன்னால் இருக்கிறது. போனஸ் வெள்ளிக்கிழமை முடிகிறது, இன்னும் அனுப்பவில்லை.