பயிற்சி ஒப்பந்தமா, நிறுவன வேலையா? வழி சொல்லுங்கள்

வணக்கம். சட்டத்துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாரின் கருத்து எனக்கு அவசரமாகத் தேவை.

இந்த ஆண்டு சிங்கப்பூரில் சட்டப் பட்டம் முடித்தேன். அடுத்து வழக்கறிஞர் தேர்வின் பி பகுதி. ஒரு வர்த்தக நிறுவனம் தன் சட்டப் பிரிவில் நேரடியாக வேலை தருகிறது. நல்ல சம்பளம். ஆனால் 2024 முதல் பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகிவிட்டது. அதை முடிக்காமலும் வழக்கறிஞராகப் பதிவு பெறலாம் என்றாலும், தொழில் நடத்தும் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. இப்போது நிறுவனத்துக்குப் போய்விட்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பினால், புதிய பட்டதாரிகளோடு பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்குமோ என்பதே என் கவலை.

விடுமுறைப் பயிற்சியில் நிறுவன வேலை, நீதிமன்ற வேலை இரண்டையும் பார்த்தேன். ஒரு நிறுவனம் கைமாறும்போது எந்த ஒப்பந்தத்தை மறுதரப்பு ரத்து செய்யலாம் என்று பத்தி பத்தியாகத் தேடினேன். அந்த நுணுக்கம் பிடித்தது. ஆனால் குறுக்கு விசாரணையில் சாட்சி தன் பழைய வாக்குமூலத்தையே மறுத்தபோது, மூத்த வழக்கறிஞர் பக்க எண்ணைச் சொல்லி நிறுத்தியதை இன்னும் மறக்கவில்லை.

நீதித்துறைச் சேவையும் மனத்தில் இருக்கிறது. 2022இல் அது சட்டச் சேவையிலிருந்து பிரிந்துவிட்டது. முன்புபோல் நீதிமன்றத்துக்கும் அரசுத் தரப்புக்கும் இடையே மாறிமாறிப் பணியாற்ற இப்போது வாய்ப்பு உண்டா?

பயிற்சியைத் தள்ளிப்போட்டுப் பின்னர் முடித்தவர்கள் யாரேனும் இருந்தால், எப்படி இடம் கிடைத்தது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.