தேதியை 'வெட்டு'வதா, 'நறுக்கு'வதா?

மடல் 1
அனைவருக்கும் வணக்கம். பழைய ஃபிலிம் படங்களின் கீழ்மூலையில் ஆரஞ்சு நிறத்தில் '98 4 12 என்று தேதி விழுந்திருக்கும். ஸ்கேன் செய்தபின் அந்த ஓரத்தை எடுத்துவிடும் 'கிராப்' பொத்தானுக்கு, மென்பொருள் தமிழாக்கத்தில் ஒரு சொல் தேவை. 'வெட்டு' ஏற்கெனவே கட் கட்டளைக்குப் போய்விட்டது. 'அழி' என்றால் தேதி இருந்த இடத்தைப் பூசி நிரப்புவதாக ஆகிவிடும்; இங்கே படத்தின் அளவே குறைகிறது. 'ஓரநறுக்கு' சரிவருமா? தேதிக்கு 'தேதி முத்திரை' என்று வைத்திருக்கிறேன்.

மடல் 2
முத்திரை பொருத்தமே. பிரிண்ட் போடும்போது மேலே குத்துவதுதானே அது? நெகட்டிவை ஸ்கேன் செய்தால் தேதியே வராது.

மடல் 3
வரும் ஐயா. இந்த வகைத் தேதியைக் கேமராவின் பின்மூடியில் உள்ள சிறு விளக்கு ஃபிலிமின் முதுகுப்பக்கமாக ஒளியால் பதிக்கிறது. அது நெகட்டிவிலேயே இருக்கும். அதனால் முத்திரையைவிட 'தேதிப் பொறிப்பு' நல்லது.

'ஓரநறுக்கு' எனக்குச் சம்மதம், வேலையும் அதேதான். 1800×1200 பிக்சல் படம் ஒன்றில் எண்கள் இடமிருந்து 1390–1700, மேலிருந்து 1085–1130 வரை கிடக்கின்றன என்று வையுங்கள். வலப்பக்கத்தை நறுக்கினால் 410 பிக்சலுக்கு மேல் போகும். அடியை நறுக்கினால் 115 பிக்சலோடு முடியும். ஆனால் 1085-இலேயே நிறுத்தக் கூடாது. ஒளி கசிந்து எண்களைச் சுற்றிச் செம்மஞ்சள் படலம் இருக்கும், அது ஓரத்தில் கீற்றாக மிஞ்சும். 21 பிக்சல் விட்டு 1064-இல் நிறுத்துங்கள். 3:2 விகிதம் வேண்டுமென்றால் அகலம் 1596. jpegtran என்ற நிரலுக்குக் கட்டளை இது:

```
jpegtran -copy all -crop 1596x1064+0+0 -outfile new.jpg old.jpg
```

jpegtran ஜேபெக்கை மறுபடி சுருக்காது, தரம் குறையாது. இடது மேல்மூலை அசையாததால் நறுக்கு சொன்ன அளவிலேயே விழும். வலது ஓரத்தில் ஆள் நின்றால் விகிதத்தை விடுங்கள், 1800x1064 போதும். கோப்புக்குள் சிறுபடம் இருந்தால் அதில் பழைய தேதி அப்படியே நிற்கும். அதையும் exiftool என்ற நிரலால் நீக்க வேண்டும்:

```
exiftool -ThumbnailImage= new.jpg
```

மடல் 4
என்னிடம் இருப்பவை நெட்டுவாக்கில் எடுத்தவை. தேதி இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. அதற்கும் இதே கட்டளையா?

மடல் 3 எழுதியவர்
கட்டளை அதேதான், ஆனால் இடப்பக்கம் போவதால் தொடக்கப்புள்ளி நகரும். அந்த எண் 16-இன் மடங்காக இருக்கட்டும், +144+0 போல. இல்லாவிட்டால் jpegtran தானே இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளும், படலத்தின் விளிம்பு திரும்பவும் உள்ளே வந்துவிடலாம்.

மடல் 1 எழுதியவர்
'தேதிப் பொறிப்பு' ஏற்கிறேன். 'ஓரநறுக்கு' பெயராக நிற்கிறது, ஆனால் பொத்தானில் ஏவலாக வரும்போது 'ஓரம் நறுக்கு' என்று பிரித்து எழுதுவதா?

மடல் 2 எழுதியவர்
பிரித்தால் நான்கு ஓரத்தையும் நறுக்குவதுபோல் தொனிக்கிறது. நான் 'நறுக்கு' மட்டும் போதும் என்பேன்.