உதவி: வாட்ஸ்அப் வரியில் குத்தல். அப்படியே வைப்பதா, பொருளை நேராக எழுதுவதா?

மாதுங்கா மொழிபெயர்ப்பு · காலை 10:12

வணக்கம், அவசரம். கீழே உள்ள வரியில் குத்தல் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் போட்டால் பாராட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பொருளை நேராக எழுதினால், சொல்லாததை எழுதின மாதிரி இருக்கிறது. எது சரி? ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும்.

"எனக்கு என்னங்க குறை. மகாராணி மாதிரி வச்சிருந்தாங்க."

செம்பூர் சப்டைட்டில் · 10:20

எந்த மொழிக்கு? எந்த மொழியாக இருந்தாலும் குத்தலை விடாதீர்கள். நான் வெப் சீரிஸ்களுக்கு வரி எழுதுகிறவன். ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, அதற்குள் குத்தல் நிற்க வேண்டும். தமிழில் உள்ள சொல்லைக் கட்டிக்கொண்டு அழாமல், போகிற மொழியில் அதே இடத்தில் மக்கள் எப்படிக் குத்துவார்களோ அதைப் போட்டுவிடுவேன். மகாராணி போய் வேறு ஏதாவது வந்தாலும் பரவாயில்லை, சுருக்கென்று இருந்தால் போதும்.

நேர்பொருள் · 10:31

நான் இதற்கு நேர் எதிர். குத்தல் மொழி தாண்டாது. படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தாலே மொழிபெயர்ப்பு தோற்றது என்று அர்த்தம். "அவர்கள் என்னை நன்றாக நடத்தவில்லை" என்று எழுதிவிடுங்கள். நான் ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் புகார்களை மொழிபெயர்க்கிறேன். "மூணு வாரத்துல டெலிவரி, அடேங்கப்பா என்ன வேகம்" என்று வந்தால் "டெலிவரி மூன்று வாரம் தாமதம், வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்" என்றுதான் போகும்.

வரிக்கு வரி · 10:44

மூன்று வாரத்தில் வந்தது என்பதும் மூன்று வாரம் தாமதம் என்பதும் ஒன்றா? நேர்பொருளாக்கும்போது இப்படித்தான் சத்தமில்லாமல் தகவல் மாறும்.

கேள்வி கேட்டவருக்கு: இந்தத் தளத்தில் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், புதிதாக வருகிறவர்கள் படிப்பதில்லை. யார் எழுதியது, யாருக்கு, யார் படிக்கப்போகிறார்கள், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இவை இல்லாமல் குத்தலைப் பற்றிப் பேசுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மாதுங்கா மொழிபெயர்ப்பு · 11:02

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆங்கிலத்துக்கு. பாந்த்ராவில் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, மனைவி கணவனுக்கு அனுப்பிய செய்தி. மொத்தம் 40 பக்கம். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற சொற்களை மாற்றித்தான் இங்கே போட்டிருக்கிறேன். நான் மனைவி தரப்புக்கு வேலை செய்கிறேன். கொடுமைப்படுத்தினார்கள் என்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி எழுதச் சொல்கிறார் வக்கீல்.

சயான் மேஜை · 11:25

அப்படியானால் கேள்வியே வேறு. நான் 18 வருடமாக நீதிமன்ற ஆவணம் செய்கிறேன், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

கம்பெனிப் புகாரில் படிக்கிறவருக்கு வேண்டியது விஷயம், அதனால் அங்கே கூர்மையை எடுக்கலாம். சினிமாவில் முகமும் குரலும் கூடவே வருவதால், சொல்லை மாற்றினாலும் குத்தல் நிற்கும். உங்கள் காகிதத்தில் இரண்டும் இல்லை. அங்கே அந்தச் சொற்களே சான்று. அந்த அம்மா என்ன நினைத்து எழுதினார் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. "கொடுமைப்படுத்தினார்கள்" என்று நீங்கள் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் மூலச் செய்தியை உங்கள் முன்னால் நீட்டி, இதில் கொடுமை என்ற சொல் எங்கே என்று கேட்பார். உங்களால் காட்ட முடியாது. அந்த ஒரு வரியால் மீதி 39 பக்கமும் சந்தேகத்துக்கு வரும்.

"மகாராணி மாதிரி" என்று மட்டும் போட்டுவிட்டுப் போனாலும் ஆபத்துதான். கணவன் வீட்டில் நன்றாக வைத்திருந்தார்கள் என்று மனைவியே ஒப்புக்கொண்டதாக அதை வாசிப்பார்கள்.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இதற்கு முந்தைய செய்தியும் அடுத்த செய்தியும் என்ன? அப்புறம், அந்த "என்னங்க". மற்ற பக்கங்களில் அவர் கணவனை எப்படி அழைக்கிறார்?

அல்சூர் அக்கா · 11:40

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நடந்ததைச் சொன்னால் உதவலாம். ஒரு ஆஸ்பத்திரியில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்று கன்னடத்தில் சொல்வேன். கோலார் தங்கவயல் பாட்டி ஒருவர், இடுப்பு ஆபரேஷன் ஆன மறுநாள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நர்ஸ் கேட்டார். பாட்டி, "எனக்கென்னடி வலி, ராஜாத்தி மாதிரி படுத்திருக்கேன்" என்றார். நான் சொல்லுக்குச் சொல் வலி இல்லை என்றேன், நர்ஸ் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார். சாயங்காலம் போனால் கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் கிடந்தார். விரல் கணு எல்லாம் வெளுத்திருந்தது. இன்னமும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து என் பழக்கம்: "வலி இல்லை என்கிறார், ஆனால் குத்தலாகச் சொல்கிறார், எண்ணைத் திரும்பக் கேளுங்கள்" என்பேன். அதனால் பொருளை நேராகச் சொல்வதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

சயான் மேஜை · 11:52

அக்கா, நீங்கள் செய்தது மிகச் சரி. ஆனால் பாருங்கள், நீங்களும் பொருளை முடிவு செய்யவில்லை. அவர் சொன்னதைச் சொன்னீர்கள், குரலில் என்ன இருந்தது என்று சொன்னீர்கள், திரும்பக் கேட்க வைத்தீர்கள். பாட்டி பக்கத்திலேயே இருந்ததால் கேட்க முடிந்தது. எழுத்தில் உள்ள செய்தியை அப்படிக் கேட்க முடியாது. எழுதிய அம்மாவிடமே கேட்டு, அவர் சொல்வதை மொழிபெயர்ப்புக்குள் சேர்க்கவும் கூடாது. என்ன நினைத்து எழுதினேன் என்பதை அவர் தன் பிரமாணப் பத்திரத்தில் சொல்லட்டும்.

மாதுங்கா மொழிபெயர்ப்பு · 12:10

முந்தையது (கணவன்): "எங்கம்மா உனக்கு என்ன குறை வச்சாங்க?"
அடுத்தது (மனைவி): "காய்ச்சல்ல கிடந்தப்பவும் எட்டு பேருக்குச் சமைக்கிற பாக்கியம் குடுத்தாங்களே."

மற்ற இடங்களில் எல்லாம் "வா, போ, என்னடா" என்றுதான் இருக்கிறது, காதல் கல்யாணம். கணவனைப் பார்த்து "ங்க" போட்டிருப்பது இந்த ஒரு இடத்தில்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

வரிக்கு வரி · 12:18

இது அப்பட்டமான வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல் பழிப்பது. பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்தால் இப்படித்தான் திண்டாட வேண்டும். "தேவர் அனையர் கயவர்" குறளை எத்தனை பேர் எத்தனை மொழியில் கொண்டுபோனார்கள், அவர்கள் குத்தலை உடைத்தா எழுதினார்கள்?

நேர்பொருள் · 12:26

வஞ்சப்புகழ்ச்சி என்பது செய்யுளுக்கான அணி. கோபத்தில் தட்டிய செய்திக்கு அணி இலக்கணமா? குறளிலும் வள்ளுவர் பாதியில் விடவில்லை. "அவரும்தாம் மேவன செய்தொழுகலான்" என்று காரணத்தை அவரே சொல்லிவிட்டார். அதாவது அவரே நேர்பொருளாக்கிவிட்டார்.

வரிக்கு வரி · 12:33

காரணம் சொல்வது நேர்பொருளாக்குவது ஆகாது. தேவரும் கயவரும் தம் விருப்பப்படி நடக்கிறார்கள் என்கிறார், அவ்வளவுதான். கயவர் கெட்டவர் என்று அந்தக் குறளில் எங்கே இருக்கிறது?

நேர்பொருள் · 12:37

கயவர் என்ற சொல்லிலேயே இருக்கிறது!

செம்பூர் சப்டைட்டில் · 12:41

இரண்டு பேரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மணிக்குக் கெடு.

சயான் மேஜை · 12:58

ஆனாலும் அந்தக் குறள் இங்கே உதவுகிறது. உங்கள் செய்தியிலும் அடுத்த வரியே சாவியாக இருக்கிறது. காய்ச்சலில் எட்டு பேருக்குச் சமைத்ததைப் பாக்கியம் என்று யாரும் மனமாரச் சொல்ல மாட்டார்கள். அந்த வரியைச் சுத்தமாக மொழிபெயர்த்தால் மகாராணியின் கூர்மை தானாக வந்துவிடும், நீங்கள் உடைக்க வேண்டாம். "பாக்கியம்" என்பதை மட்டும் "வேலை" என்றோ "கட்டாயம்" என்றோ இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் சாவி போய்விடும். இரண்டு செய்திகளும் ஒரே பக்கத்தில், அனுப்பிய நேரத்தோடு அடுத்தடுத்து வரட்டும். ஒன்றை மட்டும் வெட்டித் தனி இணைப்பாகக் கொடுத்தால் அது பாராட்டாகத்தான் நிற்கும்.

ஆங்கிலத்தில் நிச்சயம் தொலைவது "ங்க". மராத்தியிலும் இந்தியிலும் மரியாதைக்கு வேறு சொல் உண்டு, ஓரளவு காட்டலாம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் "யூ" ஒன்றுதான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுங்கள், சதுர அடைப்புக்குள், வாசகத்துக்கு வெளியே: "மூலத்தில் இந்தச் செய்தியில் கணவனை விளிக்கும் இடத்தில் மரியாதை விகுதி உள்ளது, எழுதியவர் இந்த ஆவணத்தின் மற்றச் செய்திகளில் அவரை மரியாதையில்லா வடிவத்திலேயே விளிக்கிறார்." அவ்வளவுதான். 40 பக்கத்தையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கணவனைப் பார்த்து இன்னொரு இடத்தில் "ங்க" இருந்தால் குறிப்பே பொய்யாகிவிடும். "குத்தலாக எழுதியிருக்கிறார்" என்று எழுத வேண்டாம், அது உங்கள் அபிப்பிராயம். விகுதி இருக்கிறது என்பது தமிழ் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய உண்மை.

இன்னொன்று, எமோஜி ஏதும் உண்டா? அச்செடுத்த பிரதியில் வெறும் கட்டமாக விழுந்திருக்கலாம், போனில் பாருங்கள்.

மாதுங்கா மொழிபெயர்ப்பு · 1:20

பார்த்தேன் சார். மகாராணி வரி முடிவில் இரண்டு கும்பிடு எமோஜி இருக்கிறது. அச்சில் இரண்டு கட்டம். நான் அதைத் தட்டாமலே விட்டிருக்கிறேன்.

செம்பூர் சப்டைட்டில் · 1:27

அதை "நன்றி" என்று போடுங்கள். இல்லை, "உங்களுக்கு ஒரு கும்பிடு" என்று போட்டால் குத்தல் கூடும்.

சயான் மேஜை · 1:35

இரண்டுமே வேண்டாம் தம்பி. யூனிகோடில் அதன் பெயர் "ஃபோல்டட் ஹேண்ட்ஸ்", கூப்பிய கைகள். அந்தப் பெயரையே அடைப்பில் இரண்டு முறை எழுதினால் போதும். நன்றியா, மன்னிப்பா, ஆளை விடு என்பதா, அதையும் படிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

அல்சூர் அக்கா · 2:05

ஒரு சந்தேகம். மகாராணி என்பதை ஆங்கிலத்தில் "க்வீன்" என்று போடுவீர்களா, "மகாராணி" என்றே விடுவீர்களா? நம் ஊர்களில் மகாராணி என்றாலே பாதி குத்தல்தானே. கன்னடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சயான் மேஜை · 2:14

நான் "க்வீன்" போடுவேன். மேல்முறையீடு போனால் யார் படிப்பார்கள் என்று தெரியாது.

வரிக்கு வரி · 2:19

இதில் நான் ஒத்துப்போகவில்லை. மும்பை நீதிமன்றத்தில் உட்காருகிறவருக்கு மகாராணி தெரியாதா? "க்வீன்" போட்ட நொடியில் அந்த வீட்டு வாசனை போய்விடும். மூலச்சொல்லை வைத்துவிட்டுக் குறிப்பில் பொருள் கொடுக்கலாம்.

சயான் மேஜை · 2:26

கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் குறிப்பு போட்டால் "ங்க" குறிப்பின் பலம் குறையும். நான் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் போடுவதில்லை.

மாதுங்கா மொழிபெயர்ப்பு · 5:48

கொடுத்துவிட்டேன். "க்வீன்", கூப்பிய கைகள் இரண்டு, "ங்க" குறிப்பு ஒன்று. தேடியதில் 31ஆம் பக்கத்தில் இன்னொரு "ங்க" கிடைத்தது, அதுவும் மாமியார் பற்றிய பேச்சில்தான், குறிப்பில் பக்க எண்ணோடு சேர்த்துவிட்டேன். வக்கீலுக்கு இன்னும் "கொடுமை" என்ற சொல் வேண்டுமாம், முடியாது என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ரயிலில் இருக்கிறேன்.

நேர்பொருள் · 6:30

31ஆம் பக்கத்தில் என்ன வரி? அதையும் போடுங்களேன்.